மணிக்கு இருபத்தைந்து மூட்டை

அந்த பேனரை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் எங்காவது முதலாளி மேலோ பிரின்டிங் கடைக்காரர் மேலோ பழியைத் தூக்கிப் போட்டுவிடுவேன். எனக்கு அந்தப் புத்தி உண்டு.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில், நெல்லைத் தூற்றிச் சுத்தம் செய்கிற மிஷின் தயாரிக்கும் சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மொத்தம் எட்டு பேர். ஏழு பேர் வெல்டிங், கடைசல், பெயின்ட் என்று கையில் கரியோடு நிற்பவர்கள். எட்டாவது ஆள் நான். கொட்டேஷன் அடிப்பது, போன் எடுப்பது, ஸ்பேர் பார்ட்ஸ் பார்சல் போடுவது எல்லாம் என் வேலை. எழுத்து என்று ஒன்று இருந்தால் அதுவும் என் தலையில்தான் விழும். கழிவறைக் கதவில் ஒட்டியிருக்கிற 'தண்ணீர் ஊற்றவும்' கூட என் படைப்புதான்.

மிஷின் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேலே நெல்லைக் கொட்டுகிற தொட்டி. அதன் கீழே சாய்வாக இரண்டு சல்லடை, மோட்டார் அவற்றை ஆட்டிக்கொண்டே இருக்கும். மேல் சல்லடையில் வைக்கோல் துண்டும் கட்டியும் தங்கிவிடும், நெல் கீழே இறங்கும். கீழ்ச் சல்லடையில் நெல் தங்கும், மண்ணும் களை விதையும் இறங்கிவிடும். நெல் வெளியே வரும் இடத்தில் ஒரு விசிறி. அது பதரையும் பால் பிடிக்காத கருக்காயையும் ஊதித் தள்ளிவிடும். காய்ந்த நெல் என்றால் மணிக்கு ஆயிரம் கிலோ ஓடும். இது பட்டறையில் தராசு வைத்துப் பார்த்த கணக்கு, அதில் பொய் கிடையாது.

அதுவரை எங்களிடம் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே வகை. அரசு நெல் கொள்முதல் நிலையங்களுக்கு மிஷினை வாடகைக்கு விடுகிறவர்கள். அந்த வருஷம் அவர்களில் ஒருவரும் புதிதாக வாங்கவில்லை. நான்கு மிஷின் பெயின்ட் அடித்துப் பட்டறை ஓரத்தில் தார்ப்பாய்க்குள் நின்றன. பொங்கல் முடிந்த வாரம் முதலாளி எங்கள் எட்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"வேளாண் கண்காட்சியில ஸ்டால் போட்டிருக்கேன். மூணு நாளு. இந்தத் தடவ விவசாயிங்ககிட்ட நேரா விக்கிறோம். அங்க ஆர்டர் புடிச்சா பட்டறை ஓடும். இல்லன்னா மாசியோட ஷட்டர இழுத்துட வேண்டியதுதான். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பேனர் எழுதும்மா" என்றார்.

நான் முதலில் எழுதியது 'மணிக்கு 1 டன் நெல் சுத்தம்'. முதலாளி காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை, எட்டிப் பார்த்தே உதட்டைப் பிதுக்கினார்.

"டன்னுங்கிறது லாரிக்காரன் பேச்சு. நடந்து போறவன் நிக்கணும்மா. ஒருத்தன் நம்ம ஸ்டாலத் தாண்டிப் போக மூணு செகண்டு ஆவும். அதுக்குள்ள அவன் மனசுல ஒண்ணு விழணும். மூட்டைன்னு போடு."

அவர் சொன்னது சரிதான். நின்று படிப்பவருக்கு எழுதுவது வேறு, நடந்துகொண்டே பார்ப்பவருக்கு எழுதுவது வேறு. ஐந்து சொல்லுக்கு மேல் போனால் கண் நழுவிவிடும். நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஆயிரத்தை நாற்பதால் வகுத்தேன். 'மணிக்கு 25 மூட்டை!' என்று எழுதினேன். பார்க்க அம்சமாக இருந்தது.

ஏன் நாற்பது என்றால், கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பம். பட்டறையில் எங்களுக்குப் பத்து வருஷமாக அதுதான் மூட்டை. ஆனால் இந்தப் பக்கத்து விவசாயிக்கு மூட்டை என்றால் அறுபது கிலோ. "மா நெலத்துக்கு ஏழு மூட்டை கண்டுச்சு", "எட்டு மூட்டை கண்டுச்சு" என்று டீக்கடையில் பேசுகிறானே, அது எல்லாம் அறுபது கிலோ மூட்டை. அவன் மூட்டையில் கணக்குப் போட்டால் எங்கள் மிஷின் மணிக்குப் பதினாறரைதான் ஓட்டும்.

இது எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பேனரின் அடியில் சின்ன எழுத்தில் '40 கிலோ சிப்பக் கணக்கில்' என்று ஒரு வரி நானே சேர்த்தேன். தெரியாதவள் அந்த வரியை எழுதியிருக்க மாட்டாள். நோட்டீஸிலும் அப்படித்தான். முன்பக்கம் பெரிதாக 25 மூட்டை. பின்பக்கம் மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி, சல்லடை அளவு என்ன என்கிற கட்டத்துக்குள் கடைசி வரியாக 'திறன்: மணிக்கு 1000 கிலோ'. உண்மையைச் சொல்லியாயிற்று, ஆனால் யார் கண்ணிலும் படாத இடத்தில் சொல்லியாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது என்பார்களே, நான் அரைப் பூசணிக்காயை மறைத்துவிட்டு மீதி அரை வெளியேதான் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்து ஆடியோ. ஸ்டாலில் ஓயாமல் ஒலிக்க ஒரு குரல் வேண்டும் என்றார் முதலாளி. பட்டறையில் கிரைண்டர் சத்தம் இல்லாத இடம் பார்சல் அறைதான். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து என் போனில் பேசினேன். "விவசாயப் பெருமக்களே, உங்கள் நெல்லில் கருக்காயா, பதரா? மணிக்கு இருபத்தைந்து மூட்டை. ஆமாம், இருபத்தைந்து மூட்டை." அந்த 'ஆமாம்' நானாகச் சேர்த்தது. அன்றைக்கு எனக்கு ரொம்ப வாய்க்கொழுப்பு.

நோட்டீஸில் தொடர்புக்கு என்று போட வேண்டிய இடத்தில் முதலாளி என் செல் நம்பரைப் போடச் சொன்னார். "எனக்கு வர்ற போன் எல்லாம் டீலருங்க. விவசாயிங்க பொம்பளக் குரல்னா மரியாதையாப் பேசுவாங்க. ஓட்டத்துல ரிப்பேர்னாலும் உனக்கே கூப்புடட்டும், நீ ஃபிட்டர அனுப்பு" என்றார். போட்டேன். இரண்டாயிரம் நோட்டீஸ், இரண்டாயிரத்திலும் என் நம்பர்.

கண்காட்சி மைதானத்தில் எங்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து அடி. பின்னால் தகரத் தடுப்பு, இரண்டு பக்கமும் துணித் தடுப்பு. மிஷினை உள்ளே இறக்கியதும் பாதி இடம் போயிற்று. பேனரை மிஷினுக்கு மேலே கட்டலாம் என்றால் கம்பி தாங்கவில்லை. அதனால் முன்பக்க ஓரமாக நிமிர்த்திக் கட்டி, அதன் முன்னால் நோட்டீஸ் மேசையைப் போட்டார்கள். மேசைக்கும் மிஷினுக்கும் நடுவே ஒரு நாற்காலி. அதில் நான். நான் வெளியே போக வேண்டும் என்றால் ஃபிட்டர் அண்ணன் மேசையைத் தூக்க வேண்டும். ஒன்றுக்குப் போவதற்குக்கூட இன்னொருவர் தயவு வேண்டிய இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

மேசை வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். பேனரின் அடிப்பகுதி மேசைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மேலே போட்டிருந்த மிஷின் படம் தெரிந்தது, 'மணிக்கு 25 மூட்டை!' தெரிந்தது. சிப்பக் கணக்கு தெரியவில்லை. பேனர் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம் இது. கீழ் மூன்றில் ஒரு பங்கில் எதையும் வைக்கக் கூடாது, மேசையும் ஆட்களும் மறைத்துவிடுவார்கள். நான் வைத்தது எதை என்று பாருங்கள்.

எங்களுக்கு நேர் எதிரே, நடைபாதைக்கு அந்தப் பக்கம், இன்னொரு தூற்றும் மிஷின் ஸ்டால். திருவாரூர்ப் பக்கத்துப் பட்டறை. மிஷின் ஏறக்குறைய எங்களுடையதேதான். அதே இரண்டு சல்லடை, அதே மோட்டார். அவர்கள் பேனரில் 'மணிக்கு 18 மூட்டை' என்று போட்டிருந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

கூட்டம் எங்கள் பக்கம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் பதினெட்டு, ஒரு பக்கம் இருபத்தைந்து. நடந்து வருகிறவர்கள் இடது வலது பார்த்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்து நின்றார்கள். ஃபிட்டர் அண்ணன் மிஷினை ஓட்டிக் காட்டினார். கொண்டு போனதே நாற்பது கிலோ மூட்டை மூன்றுதான் என்பதால், ஊதிப் போன கருக்காயையும் பதரையும் அள்ளி மறுபடி நெல்லோடு கலந்து, மறுபடி கொட்டி, மறுபடி சுத்தம் செய்தோம். மத்தியானத்துக்குள் அந்தக் கருக்காய்க்கே எங்களைப் பார்த்துச் சலித்திருக்கும்.

தலைக்கு மேல் என் குரல். "ஆமாம், இருபத்தைந்து மூட்டை." நாற்பது விநாடிக்கு ஒரு தடவை. நான் தண்ணீர் குடிக்கும்போதும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

எதிர்க்கடைக்காரர் வெயில் இறங்கிய நேரத்தில் நடந்து வந்தார். பேனரைப் படித்தார், மிஷினைப் பார்த்தார், ஓரத்தில் கிடந்த மூட்டையைப் பார்த்தார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். "சிப்பமாங்க?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று கடை கட்டும்போது முதலாளியிடம் சொன்னேன். "சார், இங்க வர்றவங்க எல்லாம் அறுபது கிலோன்னு நெனச்சுக்கிட்டுப் போறாங்க. நாளைக்கு அந்த எடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

"எதுக்கு?"

"அறுபதுன்னா நமக்குப் பதினாறரைதான் வருது."

"நாப்பது கிலோ மூட்டை இல்லியா? அரசாங்கமே அதத்தானே மூட்டைன்னு எடுக்குது? நாம எங்க பொய் சொன்னோம்? கீழ போட்டிருக்கு, பின்னால போட்டிருக்கு. படிக்காதது அவன் தப்பு." பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "ஏழு குடும்பம்மா. உன்னோட எட்டு. நாளான்னைக்கு ஷட்டர இழுக்கிறப்ப நீ போயி அவங்ககிட்ட சொல்லு, சின்ன எழுத்து சரியாத் தெரியலன்னு ஸ்டிக்கர் ஒட்டினேன், அதனாலதான்னு."

பட்டறை மூடினால் எனக்கு அடுத்த வேலை திருச்சியிலோ கும்பகோணத்திலோ துணிக்கடையில் நிற்பதுதான். நாற்பத்திரண்டு வயதில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க என் முழங்காலுக்குச் சக்தி கிடையாது. மற்ற ஏழு பேருக்காகத்தான் வாயை மூடினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். என் முழங்காலுக்காகவும்தான் மூடினேன்.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டாம் நாள் காலையில் முதலாளி வருவதற்கு முன்னால் ஃபிட்டர் அண்ணனை விட்டு மேசையை ஓர் அடி பக்கவாட்டில் தள்ளவைத்தேன். 'சிப்பக் கணக்கில்' தெரிந்தது. '40 கிலோ' தெரியவில்லை. முதலாளி வந்தார், ஒன்றும் சொல்லாமல் இடுப்பால் மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். பத்து மணிக்கு நான் நோட்டீஸ் கட்டை எடுத்துவைக்கிற சாக்கில் மறுபடி தள்ளினேன். பதினொன்றுக்கு அவர் தள்ளினார். ஃபிட்டர் அண்ணன்தான் கடைசியில், "மேசைக்குக் கால் ஒடஞ்சுடும், ரெண்டு பேரும் விடுங்க" என்றார்.

அந்த அக்கா வந்தது இரண்டாம் நாள் மத்தியானம். ஐம்பதை நெருங்கும் வயது. பாபநாசத்துக்கு உள்ளே ஒரு ஊர். பெண்கள் குழு ஒன்றுக்குத் தலைவி. கூட வந்த இரண்டு பெண்கள் இலவசப் பைக்காக அடுத்த ஸ்டாலில் நிற்க, அந்த அக்கா மட்டும் எங்கள் மிஷினுக்கு முன்னால் நின்று முழு ஓட்டத்தையும் பார்த்தது. சல்லடையில் கை வைத்து ஆட்டத்தைத் தொட்டுப் பார்த்தது. ஊதி வந்த கருக்காயை அள்ளி, அதில் நல்ல நெல் கலந்திருக்கிறதா என்று உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தது. மற்றவர்கள் பேனரைப் பார்த்தார்கள், இந்த அக்கா பேனரைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

பிறகு மேசைக்கு வந்து என்னிடம் பேசியது.

"எங்க குழுவில பத்துப் பேரு, தங்கச்சி. எல்லாருக்கும் ஒரே களம். அறுக்குற மிஷினு வந்துச்சுன்னா ரெண்டு நாள்ல அத்தனை நெல்லும் வந்து குமிஞ்சிடும். கொள்முதல்ல எங்களுக்கு டோக்கன் ஒரே நாளுக்குத்தான் குடுக்குறாங்க. அன்னைக்கு எரநூறு மூட்டை சுத்தமா கொண்டுபோயி எறக்கணும். போன வருஷம் தூத்தி முடிக்கல. பாதி நெல்லு களத்துலயே நனைஞ்சு மொளைச்சுப்போச்சு. இந்த வருஷம் நான் பொறுப்பேத்துக்கிட்டு மிஷினு வாங்குறேன்னு சொல்லியிருக்கேன்."

நான் மனசுக்குள் வகுத்தேன். இருபத்தைந்து என்றால் எட்டு மணி நேரத்தில் இருநூறு. கச்சிதமாக வருகிறது. பதினாறரை என்றால் நூற்று முப்பத்திரண்டு. அறுபத்தெட்டு மூட்டை களத்தில் கிடக்கும்.

முதலாளி அதற்குள் வந்துவிட்டார். "தாராளமா முடிச்சுடலாங்க. எட்டு மணி நேரம், எரநூறு மூட்டை, டக்குன்னு. போர்டுல போட்டிருக்கே" என்றார். அந்த அக்கா நோட்டீஸை வாங்கியது, முன்பக்கம் பார்த்தது, மடித்துப் பையில் வைத்தது. பின்பக்கம் திருப்பவில்லை. திருப்ப வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

"எங்கள மாதிரி இன்னும் பதினோரு குழு இருக்கு. நாங்க வாங்குனா அவங்களும் வாங்குவாங்க. நாளைக்கு வந்து சொல்றேன்" என்று கிளம்பியது. முதலாளி அந்த அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் என்னைப் பார்த்து பன்னிரண்டு விரலைக் காட்டினார். இரண்டு கையிலும் பத்துதானே, மீதிக்கு மறுபடி இரண்டு விரலை நீட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். நாளை அந்த அக்கா வந்தால் நோட்டீஸைப் பின்பக்கம் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவது. வாயால் சொல்லக்கூட வேண்டாம், விரலை அந்தக் கடைசி வரியில் வைத்தால் போதும். அந்த வரியில் பேனாவால் கோடு போட்டு ஒரு நோட்டீஸைத் தனியாக என் கைப்பையில் எடுத்தும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அந்த அக்கா தனியாக வந்தது. கூட்டம் நெரித்தது. முதலாளி என் நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறப்பதற்குள் அந்த அக்கா மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, அவரை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்துக் கேட்டது.

"இருபத்தஞ்சு மூட்டைன்னு போட்டிருக்கீங்களே தங்கச்சி. நம்ம மூட்டைதானே?"

நம்ம மூட்டை. இதைவிட நேராக ஒரு கேள்வி கேட்க முடியாது. கைப்பை மடியில்தான் இருந்தது. ஜிப்பை மட்டும் திறக்க வேண்டும். முதலாளியின் விரல் நாற்காலி முதுகில் தட்டிக்கொண்டிருந்தது, அந்தத் தட்டல் என் முதுகெலும்பில் கேட்டது. முன்னால் மேசை, பின்னால் மிஷின், பக்கத்தில் அவர். அந்த நேரம் பார்த்து தலைக்கு மேல் என் குரலே முந்திக்கொண்டு, "ஆமாம், இருபத்தைந்து மூட்டை" என்றது.

"ஆமாங்கக்கா" என்றேன் நானும்.

அந்த அக்கா இன்னும் ஒரு கணம் என்னைப் பார்த்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி தங்கச்சி. ஊருக்குப் போயி கலந்துக்கிட்டு போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு நடைபாதையில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டினது போல் இருந்தேன். கத்தவும் முடியாது, தடவவும் முடியாது. முதலாளி எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்காட்சி முடிந்தது. பேனரைச் சுருட்டிக் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். முதலாளி பன்னிரண்டு மிஷினுக்கு இரும்புத் தகடு விலை கேட்க ஆரம்பித்தார். வெல்டர் ஒருவர் தன் மகளுக்கு வைகாசியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டதாகச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். என் போன் அடிக்கும்போதெல்லாம் ஏழு பேரும் முதலாளியும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாரோ கூப்பிட்டார்கள், பெல்ட் விலை கேட்டார்கள், டெலிவரி கேட்டார்கள். அந்த அக்கா கூப்பிடவில்லை.

என் பயம் வேறு. கூப்பிட்டு ஆர்டர் கொடுத்துவிட்டால்? டோக்கன் நாளில் பொழுது சாய்கிற நேரம், களத்தில் அறுபத்தெட்டு மூட்டை கிடக்க, மேற்கே கருக்க, பத்துப் பெண்கள் அந்த அக்காவைச் சுற்றி நின்று கேட்பார்களே. பொறுப்பேற்றுக்கொண்டது அந்த அக்காதானே. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். ஒன்பது நாள் இப்படியே போயிற்று. பத்தாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. கண்காட்சியில் அந்த அக்கா எங்கள் நோட்டில் எழுதிவிட்டுப் போன நம்பரைத் தேடி எடுத்து, பார்சல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானே கூப்பிட்டேன்.

"அக்கா, தூத்துற மிஷின் கம்பெனியிலேருந்து பேசுறேன். நோட்டீஸ்ல நம்பர் இருக்கே, அந்த..."

"தெரியுது, சொல்லு தங்கச்சி."

"அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்ல. அது நம்ம மூட்டை இல்லக்கா. சிப்பம். நாப்பது கிலோ. நம்ம மூட்டைக்கு மணிக்குப் பதினாறரைதான் வரும். எரநூறு ஒரு நாள்ல முடியாது. ஒண்ணு ரெண்டு மிஷினா வாங்கணும், இல்லன்னா ரெண்டு நாளு டோக்கன் கேக்கணும். நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

ஒரே மூச்சில் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்தியது, யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

"அது எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றது அந்த அக்கா. குரலில் கோபமே இல்லை. "ரெண்டாம் நாளே தெரியும். பொறந்ததுலேருந்து களத்துல கெடக்குறவ நான். கெடந்த மூட்டையப் பார்த்தா எத்தனை கிலோன்னு தெரியாதா? அது எம் முன்னால ஓடி முடிய எத்தனை நேரமாச்சுன்னும் பார்த்தேன்."

"அப்ப எதுக்குக்கா என்னயக் கேட்டீங்க?"

"மிஷினு ரெண்டு கடையிலயும் ஒண்ணுதானே. ஓடுறப்ப நடுவுல நின்னுச்சுன்னா நாங்க யாருக்குப் போன் பண்ணுவோம்? மொதலாளி எடுப்பாரா? நோட்டீஸ்ல ஒன் நம்பருதானே போட்டிருக்கு. அதான் ஒன்னயக் கேட்டேன்."

நான் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே கூட்டத்தோட சுத்தி வந்து எதிர்க்கடையிலயும் அதேதான் கேட்டேன். பதினெட்டுன்னு போட்டிருக்கீங்களே, நம்ம மூட்டைதானேன்னு. அந்த ஆளு கடலைய கீழ வெச்சுட்டு, 'நம்ம மூட்டைதாங்க, ஆனா பதினெட்டு வராது, பதினேழுன்னு வெச்சுக்கங்க, நெல்லு ஈரமா இருந்தா பதினஞ்சுதான்'னுட்டாரு. அப்பவே ரெண்டு மிஷினு சொல்லிட்டேன். மத்த குழுவும் அவருகிட்டதான் சொல்லியிருக்கு."

"நல்லதுக்கா" என்றேன்.

"நீ நல்ல பொண்ணுதான். இன்னைக்குக் கூப்பிட்டுச் சொன்னியே. எங்க டோக்கனு முடிஞ்சு நாலு நாளாச்சு, தங்கச்சி."

கதவைத் திறந்தேன், வெளியே முதலாளி நின்றிருந்தார். யார், அந்தக் குழு அம்மாவா, எத்தனை மிஷின் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வெல்டிங் சத்தம் நின்றுபோயிருந்தது, ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.